மீன் பட்டதா என்று முதலில் கேளுங்கள்: நெடுநாள் கழித்துக் கோயிலுக்கு வர நினைப்பவருக்கு வரவேற்பு வீடியோ எழுதும் முறை

ஞாயிறு பூசையை யூடியூபில் நேரலையாகக் காட்டும் பங்குகள் வடசென்னையில் இன்று நிறைய இருக்கின்றன. 2020-இல் ஊரடங்கு வந்து கோயில்கள் மூடியபோது தொடங்கிய பழக்கம் இது. அதில் எதிர்பாராமல் ஒன்று நடந்தது. பல வருஷங்களாகக் கோயிலுக்கு வராத சிலர், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, வீட்டில் யாருக்கும் தெரியாமல் பார்க்கத் தொடங்கினார்கள். அப்படிப் பார்ப்பவருக்காக ஒரு சின்ன வரவேற்பு வீடியோ செய்யுங்கள் என்று பங்குத்தந்தை உங்கள் இளைஞர் குழுவிடம் சொல்லியிருந்தால், அதை எப்படி எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. எங்கள் குழு காசிமேட்டுப் பக்கம் இதைச் செய்து, முதல் முறை கெடுத்து, இரண்டாம் முறை ஓரளவு சரியாகச் செய்தது. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

ஒரே ஒரு ஆளுக்கு எழுதுங்கள்

"கோயிலை விட்டு விலகிய அனைவருக்கும்" என்று நினைத்து எழுத உட்கார்ந்தால் வார்த்தைகள் பிரசங்கமாகிவிடும். உங்களுக்குத் தெரிந்த ஒருவரை மனதில் வையுங்கள். எனக்கு என் சித்தப்பா மகன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். விசைப்படகில் வேலை. ஒரு தடவை போனால் கடலில் பல நாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில்தான் காசிமேட்டில் மீன் வியாபாரம் சூடாக நடக்கும். அந்த நேரத்தில் அவர் பூசைக்கு வந்ததே கிடையாது, அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த காரணம். தெரியாத காரணம் வேறு. சித்தப்பா இறந்தபோது அடக்கத்துக்குப் பேசப் போன இடத்தில், கோயில் வரி பாக்கி இருக்கிறது என்று ஒருவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றோடு அண்ணன் படியேறுவதை நிறுத்திவிட்டார். ஒன்பது வருஷம்.

இந்தக் காரணத்தை வீடியோவில் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு வரி எழுதும்போதும், "இதை அண்ணன் படகில் உட்கார்ந்து கேட்டால் முகம் எப்படிப் போகும்?" என்று பார்க்க ஒரு முகம் கிடைத்துவிடுகிறது.

எங்கள் முதல் பிரதி எங்கே தவறியது

முதல் பிரதி இப்படித் தொடங்கியது: "அன்பானவர்களே, நீங்கள் இறைவனை விட்டு எவ்வளவு தூரம் போயிருந்தாலும், உங்கள் பாவங்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும், அவர் உங்களை மன்னிக்கக் காத்திருக்கிறார். ஊதாரி மைந்தனைப் போல இன்றே திரும்பி வாருங்கள்." அன்பாகத்தான் எழுதினோம். அண்ணனிடம் போனைக் கொடுத்தேன். இருபது வினாடிகூட ஆகவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தூரம் போனேன்னு நீயே முடிவு பண்ணிட்டே. பாவம்னும் நீயே முடிவு பண்ணிட்டே. அப்புறம் நான் எதுக்கு வரணும்?" என்றார்.

அவர் சொன்னதை வைத்து ஒவ்வொரு வரியாக மறுபடி படித்தோம். "எவ்வளவு தூரம் போயிருந்தாலும்" என்பதில் அளந்து பார்க்கிற கண் இருக்கிறது. "உங்கள் பாவங்கள்" என்றால், கேட்பவர் எதற்காகப் போனார் என்பதே தெரியாமல் குற்றம் அவர் மேல் விழுகிறது. குழந்தையைப் பறிகொடுத்த கோபத்தில் ஜெபிப்பதை நிறுத்திய ஒரு தாய் இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? "மன்னிக்கக் காத்திருக்கிறார்" என்பது உண்மைதான், ஆனால் அதை முதல் வாக்கியத்தில் சொன்னால், மன்னிப்பு கேட்டு வந்தால்தான் உள்ளே இடம் என்று காதில் விழும். "ஊதாரி மைந்தன்" என்ற பெயரைப் பொறுத்தவரை, சொத்தை அழித்தவன் என்று யாரும் தன்னை அழைத்துக்கொள்ள விரும்பமாட்டார்கள். அந்த உவமையையே கவனித்துப் படித்தால், இளைய மகன் எதில் பணத்தை அழித்தான் என்று விவரமாகச் சொல்லிக் காட்டுபவன் மூத்த மகன்தான். தகப்பன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மகன் மனப்பாடம் செய்துவந்த மன்னிப்புப் பேச்சைக்கூட அவர் முழுதாகச் சொல்லவிடவில்லை. கடைசி வரிக்கு வருமுன்பே ஆட்களைக் கூப்பிட்டு நல்ல உடை கொண்டுவரச் சொல்கிறார் (லூக்கா 15). எங்கள் முதல் பிரதி தகப்பனுடைய பேச்சு என்று நினைத்து எழுதிய மூத்த மகனுடைய பேச்சு.

வரிசை: கேள்வி, சாப்பாடு, அப்புறம்தான் மற்றது

இரண்டாம் பிரதிக்கு எங்கள் ஊர்க் கதை ஒன்று வழி காட்டியது. ராயப்பரின் பெயரால்தான் ராயபுரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ராயப்பர் என்றால் பேதுரு. இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவர். யோவான் நற்செய்தி அதை ஒரு கரிநெருப்பின் பக்கத்தில் நடந்ததாகச் சொல்கிறது. அதே நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில் கரையில் இன்னொரு கரிநெருப்பு வருகிறது. பேதுருவும் மற்ற ஆறு பேரும் ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் படாமல் திரும்புகிறார்கள். விடியும் நேரம் இயேசு கரையில் நிற்கிறார்.

அவர் முதலில் கேட்பது மீன் ஏதும் பட்டதா என்பதை. அதாவது அன்றைய தொழில் எப்படி என்பதை. அடுத்து, கரையில் மீனும் அப்பமும் தயாராக வைத்துக்கொண்டு, சாப்பிட வரச் சொல்கிறார். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேதுருவிடம், என்மேல் உனக்கு அன்பு இருக்கிறதா என்று மூன்று முறை கேட்கிறார். "ஏன் மறுதலித்தாய்?" என்ற கேள்வி அந்த அதிகாரத்தில் எங்கும் கிடையாது.

இதை அப்படியே உங்கள் வீடியோவின் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவருடைய நாளைப் பற்றி ஒரு கேள்வி. அடுத்து அவர் கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய ஏதாவது ஒன்று. வீடியோவில் சாப்பாடு போட முடியாது. அதற்குப் பதிலாகக் கொடுக்கக்கூடியது தகவல்தான். கோயிலுக்கு வந்தால் சரியாக என்ன நடக்கும், எங்கே உட்காரலாம், எதைச் செய்யவேண்டியதில்லை. திரும்பி வர நினைப்பவருக்குப் பெரிய பயம் கடவுளைப் பற்றியது என்று நாம் நினைக்கிறோம். நான் பேசிப்பார்த்தவரையில், பெரும்பாலும் பயம் வாசலைப் பற்றியது. மூன்றாவதாக வரவேண்டிய பேச்சு, அதாவது ஏன் போனீர்கள், அன்பு இருக்கிறதா, இனி என்ன என்பதெல்லாம் வீடியோவுக்குரியது அல்ல. அது நேரில், தனியாக, அவர் விரும்பினால் நடக்கவேண்டியது. அங்கேயே நிறுத்திக்கொள்ளத் தெரிவதுதான் எழுதுபவருக்குக் கடினம். ஒரு பாராட்டு வசனம், ஒரு பைபிள் வாக்கியம், ஒரு சின்ன ஜெபம் சேர்க்கலாமே என்று கை துடிக்கும். சேர்க்காதீர்கள்.

சொல்லக்கூடிய வாக்கு, சொல்லக்கூடாத வாக்கு

எழுதுவதற்கு முன் பங்குத்தந்தையிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கனிவாக இருக்கவேண்டும் என்ற ஆசையில் இல்லாததைச் சொல்லிவிடும் ஆபத்து இந்த வேலையில் அதிகம். வந்தவர் பிறகு ஏமாந்தால், இரண்டாம் தடவை அவர் வரவேமாட்டார்.

தயங்காமல் சொல்லக்கூடியவை இவை. ஒருமுறை பெற்ற ஞானஸ்நானம் அழியாது. எத்தனை வருஷம் ஆனாலும், நடுவில் வேறு சபைக்குப் போயிருந்தாலும், மறுபடி வாங்கவேண்டியதில்லை. பூசைக்கு வருவதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம், பெயர் பதியவேண்டாம். நன்மை வாங்கும் நேரத்தில் எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது குருவைத் தாண்டிப் போகாது. அதை வெளியே சொல்லும் குரு தானாகவே திருச்சபை விலக்குக்கு ஆளாவார், அவ்வளவு கண்டிப்பான சட்டம். முகம் தெரியாமல் திரைக்குப் பின்னாலிருந்தும் சொல்லலாம்.

"வாருங்கள், உடனே நன்மை வாங்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கனமான பாவம் இருப்பதாக உணர்பவர் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. கோயிலில் திருமணம் செய்யாமல் பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்டு வாழ்பவர்களுக்கு, அதைப் பற்றிக் குருவிடம் தனியாகப் பேசவேண்டிய படி ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவர் நிலையும் வேறு என்பதால் வீடியோவில் அதை விளக்கப் போகாதீர்கள். "உட்கார்ந்தே இருக்கலாம்" என்ற ஒரே வரி அவர்கள் எல்லோரையும் காப்பாற்றும். போனிலோ வீடியோ அழைப்பிலோ பாவசங்கீர்த்தனம் செய்யமுடியாது என்பதையும் குழுவில் எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள். வாட்ஸப்பில் ஒருவர் தன் கதையைக் கொட்டத் தொடங்கினால், கேளுங்கள், ஆனால் அது மன்னிப்புக்கான இடம் அல்ல என்பதை மென்மையாகச் சொல்லி நேரம் வாங்கிக்கொடுங்கள்.

இன்னொன்று. கோயிலைச் சேர்ந்த ஒருவராலேயே துன்புறுத்தப்பட்டு விலகியவர்களுக்கு இந்த வீடியோ பொருந்தாது. அவர்களிடம் "வாருங்கள்" என்று சொல்வதற்கு முன் நடக்கவேண்டியவை வேறு, அவற்றை ஒரு இளைஞர் குழு செய்யமுடியாது. அப்படி ஒருவர் தொடர்புகொண்டால் வரச்சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவர் நம்பும் ஒருவரோடு சேர்ந்து, பங்குக்கு வெளியே மறைமாவட்டத்திலும் காவல்துறையிலும் புகார் சொல்ல வழி இருக்கிறது என்பதை மட்டும் தெரியப்படுத்துங்கள்.

எங்கள் இரண்டாம் பிரதி

எழுத்துத் தமிழில் எழுதிப் பேச்சுத் தமிழில் வாசிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வாய் தடுமாறும். பேசுவது போலவே எழுதுங்கள். நிதானமாகப் பேசினால் எங்களுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொற்கள் வந்தன. ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் முடிந்த பிரதி இது. மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் பேசினார். அவரும் நான்கைந்து வருஷம் வராமல் இருந்தவர்தான். அதை வீடியோவில் சொல்லவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. ஆனால் குரலில் அது இருந்தது.

"வணக்கம். இன்னிக்கு வேலை எப்படி இருந்துச்சு? சாப்பிட்டீங்களா?

நான் இந்தப் பங்கு ஆளு. ஃபாதர் இல்ல, சிஸ்டர் இல்ல. ஞாயித்துக்கிழமை வர்றவங்கள்ல ஒருத்தி.

ரொம்ப நாளா நீங்க கோயில் பக்கம் வரலைன்னா, அதுக்கு ஒரு காரணம் இருக்கும். வேலையா இருக்கலாம். யாரோ சொன்ன ஒரு வார்த்தையா இருக்கலாம். ஒரு சாவா இருக்கலாம். காரணமே இல்லாம வருஷம் ஓடியிருக்கலாம். அதை இங்க யாருக்கும் நீங்க சொல்லணும்னு இல்ல.

ஒருநாள் வந்து பார்க்கலாம்னு தோணினா, என்ன நடக்கும்னு மட்டும் சொல்றேன். கோயில் காலையில ஆறு மணிக்குத் திறப்பாங்க. பூசை இல்லாத நேரத்துலயும் வரலாம். பக்கத்துக் கதவு வழியா வந்தா கடைசி பெஞ்சு. பேர் எழுத வேணாம். வரி பாக்கி பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. பூசை நேரத்துல வந்தா, எல்லாரும் நன்மை வாங்கப் போகும்போது நீங்க உட்கார்ந்தே இருக்கலாம். அப்படி உட்கார்றவங்க எல்லா வாரமும் இருக்காங்க.

ஞானஸ்நானம் வாங்கினது வாங்கினதுதான். அது எங்கயும் போகல.

ஃபாதர்கிட்ட பேசணும்னா புதன்கிழமை சாயங்காலம் ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் இருப்பார். பாவசங்கீர்த்தனம் எப்படின்னு மறந்திருந்தா, 'மறந்துபோச்சு ஃபாதர்'னு சொன்னாப் போதும். மீதியை அவர் சொல்லிக் கூட்டிட்டுப் போவார்.

கீழ ஒரு நம்பர் இருக்கு. அதுக்கு வர்றதை நான் மட்டும்தான் பார்ப்பேன். வரலைன்னாலும் ஒண்ணுமில்ல. சாப்பிட்டுத் தூங்குங்க."

இதில் "வரி பாக்கி" வரியை எழுதுவதற்கு முன் பங்குப்பேரவையில் பேசி ஒப்புதல் வாங்கினோம். இரண்டு வாரம் ஆனது. ஒப்புதல் கிடைக்காமல் இருந்திருந்தால் அந்த வரியை எடுத்திருப்போம். கதவு, மணி, கிழமை எல்லாம் உங்கள் கோயிலுக்கு ஏற்ப உண்மையாக இருக்கவேண்டும். பக்கத்துக் கதவு பூட்டியிருந்தால் முதல் நாளே பொய்யாகிவிடும், ஆகவே உபதேசியாரிடம் சாவி விஷயத்தைப் பேசிவிடுங்கள்.

எடுப்பதும் ஏற்றுவதும்

பீடத்தின் முன் நின்று எடுக்காதீர்கள். கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து, கேமரா பேசுபவரின் கண் உயரத்தில் இருக்கட்டும். பின்னணி இசை வேண்டாம். தெருச் சத்தம் கொஞ்சம் கேட்டாலும் நல்லதுதான்.

தலைப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "வழி தவறியோரே, திரும்பி வாருங்கள்" என்று போட்டால், வீட்டு டிவியில் அது பார்த்த வரலாற்றில் வந்து நிற்கும், மாமியார் படிப்பார். நாங்கள் வைத்தது: "ரொம்ப நாள் கழித்துக் கோயிலுக்குப் போனால் என்ன நடக்கும்?" யார் பார்த்தாலும் யாரையும் சுட்டாத கேள்வி. முகப்புப் படத்தில் கோயிலின் பக்கத்துக் கதவு மட்டும்.

அந்த வீடியோவுக்குக் கருத்துப் பகுதியை மூடிவிடுங்கள். "வந்துவிட்டேன் என்று கமெண்ட்டில் போடுங்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். தண்டையார்பேட்டையில் ஒரு சந்தில் இருபது வீடு, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அங்கே பெயரோடு எழுதுவது தெருவில் நின்று அறிவிப்பதற்குச் சமம். நேரலையில் "வாங்க, உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்று யாருடைய பெயரையும் படிக்காதீர்கள். தொடர்பு எண் குழுவினுடையதாக இல்லாமல் ஒரே ஆளிடம் இருக்கட்டும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, பார்வைக் கணக்கைவிட யூடியூப் காட்டும் வரைகோட்டைப் பாருங்கள். எந்த வினாடியில் ஆட்கள் விட்டுப் போகிறார்கள் என்று தெரியும். பார்த்தவர்கள் குறைவென்றால் அதையும் ரொம்ப நம்பாதீர்கள். எங்களுக்கு அதைவிட உதவியது, என் அண்ணனைப் போல ஒருவரிடம் போனைக் கொடுத்துவிட்டு அவர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பது.

ஏற்றும் நாளும் முக்கியம். தவக்காலம் என்று எல்லோரும் நினைப்பார்கள். கடல்தொழில் பங்கு என்றால் ஏப்ரல் 15-ஐ ஒட்டி ஏற்றுங்கள். அன்று முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை வெறுமையாக இருக்கும்.

வாசலில் நிற்பவர்கள்

வீடியோ நன்றாக அமைந்து ஒருவர் வந்தும்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நம் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். "அட, யாரு இது! இன்னிக்கு மழைதான் போ." "என்ன, வழி தெரிஞ்சுதா?" பாசமாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் ஒன்பது வருஷம் யோசித்து வந்தவருக்கு அது ஆயிரம் பேர் திரும்பிப் பார்த்தது போல இருக்கும். அதனால் வீடியோ ஏற்றுவதற்கு முந்தின இரண்டு ஞாயிறு, பூசை முடிந்தபின் அன்பியத் தலைவர்களையும் வாசலில் நிற்பவர்களையும் கூப்பிட்டுப் பேசினோம். பழகிய முகம் ஒன்று ரொம்ப நாள் கழித்து வந்தால், எல்லோரிடமும் சொல்வது போலவே "வாங்க" என்று மட்டும் சொல்லுங்கள், வேறு எதுவும் கேட்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். "அன்பா ரெண்டு வார்த்தை பேசக்கூடாதா?" என்றார் ஒரு அம்மா. அடுத்த மாதம் பேசலாம் அம்மா, முதல் நாள் வேண்டாம் என்றேன்.

அண்ணன் தடைக்காலத்தில் வரவில்லை. ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் நவநாள் அன்று சாயங்காலம், பக்கத்துக் கதவு வழியாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வாசலில் இருந்த அம்மா "வாங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார். நவநாள் முடிவதற்குள் அண்ணன் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை எனக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது: அந்தக் கதவு எல்லா நாளும் திறந்திருக்குமா?